துணைவிதியைக் காட்டிக் காசு கேட்டால்

பேரூராட்சியிலிருந்து ஒருவர் கடைக்கு வருகிறார். "துணைவிதியில் இருக்கிறது, கட்டித்தான் ஆக வேண்டும்" என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறார். நம்மில் பலர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். கோபக்காரர்கள் "இது அநியாயம்" என்று சண்டை பிடிப்பார்கள். "அந்தத் துணைவிதியைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்பவர்கள் அபூர்வம். இந்த அத்தியாயம் அப்படிக் கேட்க நினைப்பவர்களுக்கானது. கேட்ட பிறகு கையில் வரும் தாளை எப்படிப் படிப்பது, எங்கே தட்டிப் பார்ப்பது, யாரிடம் கொண்டுபோவது என்பதே இங்கே விஷயம். உள்ளாட்சிகளின் துணைவிதிகள் எத்தனையோ துறைகளைத் தொடுகின்றன. நாம் பணம் வசூலிக்கும் துணைவிதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீதிமன்றங்கள் அதிகக் கண்டிப்புக் காட்டியதும் அங்கேதான்.

முதலில், கையில் இருப்பது என்ன?

சட்டமன்றம் இயற்றுவது சட்டம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த மாநில அரசு போடுவது விதி. அதே சட்டம் கொடுத்த அதிகாரத்தில், தன் எல்லைக்குள் மட்டும் செல்லும்படி ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ போடுவது துணைவிதி. இவை மூன்றும் மேலிருந்து கீழாக நிற்பவை. துணைவிதி விதிக்கு முரணாகப் போகக் கூடாது, விதி சட்டத்துக்கு முரணாகப் போகக் கூடாது. மூன்றுமே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவை. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு 'சட்டம்' என்பதற்குள் துணைவிதியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்பது ஒரு சின்னப் பேரூராட்சியின் துணைவிதிக்கும் பொருந்தும்.

மன்றத் தீர்மானம் இந்த வரிசையில் சேராது. "கூட்டத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது" என்று சொல்லி வசூலுக்கு வருவது ஊர்களில் சர்வ சாதாரணம். தீர்மானம் என்பது மன்றம் எடுத்த முடிவு, அவ்வளவுதான். சட்டமே "மன்றம் அவ்வப்போது தீர்மானிக்கும் வீதத்தில்" என்று சொல்லியிருந்தால் தீர்மானம் போதும். துணைவிதி மூலம் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தால், ஒருமனதாக நிறைவேறிய தீர்மானமும் துணைவிதி ஆகிவிடாது.

எதிர்த் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. உள்ளாட்சி போட்டது என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் உண்மையில் அரசு போட்டவை. வீடு கட்ட எத்தனை அடி இடம் விட வேண்டும் என்பதற்கு இன்று தமிழ்நாட்டில் பொருந்துவது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அவை மாநில அரசின் விதிகள். அதில் தளர்வு கேட்டு நகர்மன்றத் தலைவர் வீட்டு வாசலில் நிற்பதில் பயனில்லை.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டு, 2023 ஏப்ரலில் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு இடம் விட்டது. கூடவே 2023ஆம் ஆண்டின் விதிகளும் வந்தன. பழைய சட்டத்தின் கீழ் போட்ட துணைவிதிகள் புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவில் தொடர்வதுதான் பொதுவான சட்டநெறி. எனவே பழைய பிரிவு எண் அச்சிட்ட நோட்டீஸ் வந்தால் அதை மட்டும் வைத்துக் கொண்டாடிவிடாதீர்கள். அதிகாரம் உண்மையில் எங்காவது இருந்தால், தவறான பிரிவைக் குறிப்பிட்டது ஒரு குற்றமில்லை என்றே நீதிமன்றம் சொல்லும். அதிகாரமே எங்கும் இல்லை என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

ஜலாலாபாத் காய்கறி வியாபாரி

இந்தத் துறையில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் படிக்க முடியும் என்றால், 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த முகமது யாசின் வழக்கைப் படியுங்கள். ஏழு பத்தாண்டுகள் ஆகியும் நம் ஊர்ச் சந்தைகளில் நடப்பதை நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் ஜலாலாபாத் என்ற சிறு நகரம். யாசின் அங்கே காய்கறி, பழங்களை மொத்தமாக விற்றுக்கொடுக்கும் கமிஷன் வியாபாரி. விவசாயிகள் சரக்கைக் கொண்டுவந்து இறக்குவார்கள், இவர் தம் கடையில் விற்றுக்கொடுத்துத் தரகு எடுத்துக்கொள்வார். நகரக் குழு ஒரு துணைவிதி போட்டது. நகர எல்லைக்குள் மொத்தமாகவோ ஏலமாகவோ காய்கறி, பழம் விற்பவரும் வாங்குபவரும் குறிப்பிட்ட கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். கட்டணத்தை வசூலிக்கும் உரிமையைக் குழு ஒரு தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. நம் ஊர் வழக்கில் சொன்னால், சந்தைக் குத்தகை ஏலம் போய்விட்டது.

யாசின் உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போனார். குழுவின் பதில் சாமர்த்தியமானது. "வியாபாரம் செய்யாதே என்று நாங்கள் சொல்லவில்லையே, கட்டணம் கட்டிவிட்டுச் செய்யலாமே" என்றது. நீதிமன்றம் தாளில் எழுதியிருந்ததோடு நிற்காமல், அதன் விளைவு என்ன என்று பார்த்தது. விவசாயி குத்தகைதாரருக்கு ஒரு தொகை அழ வேண்டியிருக்கும்போது, இவருக்கும் தனியாகத் தரகு கொடுக்க எதற்கு வரப்போகிறார்? தடை என்ற சொல்லே இல்லாமல் அந்தத் துணைவிதி இவர் தொழிலை முடக்கிப் போட்டது.

ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்த நியாயம் மட்டுமல்ல. கட்டணம் வசூலிக்க எந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது என்று நீதிபதிகள் கேட்டார்கள். குழு காட்டியது, அந்த மாநிலத்தின் 1916ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் 293ஆம் பிரிவை. உள்ளாட்சிக்குச் சொந்தமான, அல்லது அதன் பொறுப்பில் விடப்பட்ட அசையாச் சொத்தைப் பயன்படுத்துபவரிடம் கட்டணம் வாங்கலாம் என்பது அந்தப் பிரிவு. நகராட்சிக் கொட்டகையில் கடை போட்டாலோ, அதன் சாலையோரத்தில் கூடை விரித்தாலோ கேட்கலாம். யாசின் உட்கார்ந்திருந்த கடையோ குழுவின் சொத்து அல்ல. சொத்தைப் பயன்படுத்துவதற்கு வாங்க வேண்டிய கட்டணத்தை, ஊருக்குள் நடக்கும் வியாபாரத்தின் மேலேயே சுமத்தியிருந்தார்கள். அதற்கு அந்தப் பிரிவில் அதிகாரம் இல்லை. துணைவிதி செல்லாது என்றார்கள்.

அதிலிருந்து அடுத்த படிக்குப் போனார்கள். தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைச் செல்லத்தக்க ஒரு சட்டம் விதிக்க வேண்டும். துணைவிதியே அதிகாரமில்லாமல் பிறந்தது என்றான பின், கட்டுப்பாடு நியாயமானதா என்ற கேள்விக்கே இடமில்லை. வாதத்தின் இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அதிகாரம், பிறகுதான் நியாயம். நம் ஊர் மனுக்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். பத்துப் பக்கம் வயிற்றெரிச்சல், கடைசிப் பத்தியில் ஒரு பிரிவு.

யாசின் தீர்ப்புக்கு இரண்டாண்டுகள் முன்பு, அதே மாநிலத்தின் கைரானா நகராட்சியும் இதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. அங்கே காய்கறி மொத்த வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும் என்றது துணைவிதி. உரிமம் கேட்டு விண்ணப்பித்தால் கொடுக்க வழி எதுவும் அதில் இல்லை. மொத்த வியாபாரமே ஒருவருக்கு ஏகபோகமாக விடப்பட்டிருந்தது. உரிமம் வேண்டும் என்று சொல்லும் எந்தத் துணைவிதியிலும், அதை யார், எத்தனை நாளில், எந்த அடிப்படையில் கொடுப்பார் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அங்கே பிடி கிடைத்துவிட்டது.

கட்டணம் என்று பெயர் வைத்தால் கட்டணமா?

அரசியலமைப்பின் 265ஆம் உறுப்பு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. கட்டணத்துக்கும் நீதிமன்றங்கள் இதே கண்டிப்பைக் காட்டியிருக்கின்றன. அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணையம் தன் ஒழுங்குமுறைகள் மூலம் வளர்ச்சிக் கட்டணம் கேட்டது. அதன் தாய்ச்சட்டத்தில் அப்படி ஒரு கட்டணத்துக்கு வெளிப்படையான அனுமதி இல்லை. "வளர்ச்சிப் பணியைச் செய்யச் சொன்னபோதே அதற்குப் பணம் வாங்கும் அதிகாரமும் உள்ளடங்கியதுதானே" என்றார்கள். 1992இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரியோ கட்டணமோ, அதிகாரம் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், ஊகித்து வருவிக்க முடியாது என்றது.

இதைப் படித்துவிட்டுக் கட்டணம் எல்லாமே விழுந்துவிடும் என்று நம்பினால் கல்கத்தாவின் லிபர்ட்டி சினிமா வழக்கு கண்ணைத் திறக்கும். தியேட்டர் ஆண்டுக்கு 400 ரூபாய் உரிமக் கட்டணம் கட்டிவந்தது. 1958இல் மாநகராட்சி கணக்கிடும் முறையை மாற்ற, தொகை 6,000 ரூபாய் ஆயிற்று. "இவ்வளவு வாங்குவதற்கு எங்களுக்கு என்ன சேவை செய்கிறீர்கள்?" என்று கேட்டது தியேட்டர் தரப்பு. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை 1964இல் சொன்ன பதில் எதிர்பாராதது. இது கட்டணமே இல்லை, பெயர்தான் அப்படி, உண்மையில் இது வரி. வரிக்கு ஈடான சேவை தேவையில்லை. வீதத்தை மாநகராட்சியே தீர்மானிக்கலாம் என்று சட்டம் சொல்லியிருக்கிறது, அதன் செலவுத் தேவைகளே அந்த அதிகாரத்துக்கு ஒரு வரம்பு. மாநகராட்சி வென்றது. ஆக, "சேவை இல்லை" என்ற வாதத்தை எடுக்குமுன் கேட்கப்படுவது கட்டணம்தானா, வரியா என்று சட்டத்தின் வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம்தான் என்றாலும், வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உங்கள் கடைவாசலில் கணக்குக் காட்ட வேண்டும் என்று இப்போது எந்த நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. பரந்த ஒரு தொடர்பு இருந்தால் போதும்.

குப்பைக் கட்டணம் இந்த வகையில் வழுக்கலானது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளைத் துணைவிதி இயற்றச் சொன்னதோடு, பயன்பாட்டுக் கட்டணம், உடனடி அபராதம் இரண்டுக்கும் இடம் கொடுத்தன. மைய அரசின் விதியே கைகாட்டியிருக்கும்போது "அதிகாரமே இல்லை" என்ற வாதம் அங்கே மெலிந்துவிடும். வீதம் எந்தத் துணைவிதியில் இருக்கிறது, அது முறைப்படி வெளிவந்ததா, உங்கள் கட்டடம் சரியான வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பதே பயன் தரும்.

வரைவு, ஆட்சேபணை, ஒப்புதல்

துணைவிதி பிறக்கும் வழி சட்டத்துக்குச் சட்டம் கொஞ்சம் மாறும். பொதுவான வழி இதுதான்: மன்றம் வரைவை ஏற்கிறது. வரைவு வெளியிடப்படுகிறது. இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று அறிவிக்கப்படுகிறது. வந்த ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்படுகின்றன. மேலே அரசோ, அரசு நியமித்த அதிகாரியோ ஒப்புதல் தருகிறார். இறுதி வடிவம் அரசிதழில் வருகிறது. அதற்கு முன் அது யாரையும் கட்டாது.

எந்தப் படி தவறினால் துணைவிதி விழும், எது தவறினாலும் தப்பிக்கும் என்பதற்கு ராம்பூர் நகராட்சி வழக்கு நல்ல உரைகல். ராம்பூரில் ஒரு சர்க்கரை ஆலை தண்ணீர் வரியை எதிர்த்தது. சட்டப்படி வரைவு இந்திப் பத்திரிகையில் வர வேண்டும். நகராட்சியோ உருதுப் பத்திரிகையில் கொடுத்திருந்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் பிரச்சினையை இரண்டாகப் பிரித்தது. வரைவை வெளியிடுவது கட்டாயம். அதைச் செய்யாமல் போட்ட வரி நிற்காது, ஏனென்றால் மக்கள் ஆட்சேபணை சொல்லும் வழியே அடைபட்டுவிடுகிறது. ஆனால் எந்தப் பத்திரிகையில், எந்த வகையில் என்பது வழிகாட்டுதல் மட்டுமே. ஊராருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தால் சின்னப் பிசகு மன்னிக்கப்படும். வரி தப்பியது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், "நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள், ஆனால் தண்டோரா போடவில்லை" என்பது பலவீனமான வாதம். "எந்த வடிவத்திலும் வரைவே வெளியாகவில்லை", "ஆட்சேபணைக்கு முப்பது நாள் என்று போட்டுவிட்டுப் பத்தாம் நாளே தீர்மானம் போட்டுவிட்டார்கள்" என்பன வலுவானவை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் ஆட்சேபணைக்கு வழி வைக்காத இடத்தில், "என்னை நேரில் அழைத்துக் கேட்கவில்லை" என்று இயற்கை நீதியைத் துணைக்கு அழைக்க முடியாது. சட்டமியற்றும் தன்மையுள்ள செயலில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கும் கடமை கிடையாது.

மேலதிகாரியின் ஒப்புதல் ஒரு வடிகட்டி. மேலே இருப்பவர் மறுக்கலாம், திருத்தச் சொல்லி அனுப்பலாம். ஆனால் அவர் கையெழுத்து, இல்லாத அதிகாரத்தை உண்டாக்கிவிடாது. "அரசே ஒப்புதல் கொடுத்துவிட்டது சார்" என்று அலுவலகத்தில் சொன்னால் பின்வாங்க வேண்டியதில்லை. அரசிதழில் வந்துவிட்டது என்பதும் அப்படித்தான். முறைமைக் குறைகளை அது மூடிவிடக்கூடும், அதிகாரக் குறையை மூடாது.

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதையும் நீதிமன்றம் பார்க்கும். ஜபல்பூர் நகராட்சியின் துணைவிதிகள் இறைச்சிக் கூடத்தில் காளைகளையும் எருதுகளையும் வெட்ட இடம் கொடுத்திருந்தன. 1967இல் மத்தியப் பிரதேச அரசு, அந்தப் பகுதிக்குத் தான் கொடுத்திருந்த ஒப்புதலை ரத்து செய்தது. முகமது ஃபாரூக் என்பவர் தம் தொழில் போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் சென்றார். ரத்து அறிவிக்கை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. துணைவிதியைத் தட்டிவைக்கும் அதிகாரமும் தொழில் உரிமைக்குக் கட்டுப்பட்டதுதான்.

கிராம ஊராட்சிகளில் மேல்நோக்கிப் போகும் பாதை இன்னும் குறுகியது. மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 202ஆம் பிரிவின் கீழ், சட்டப்படி நிறைவேறாத அல்லது அதிகாரத்தை மீறிய தீர்மானத்தை அவர் ரத்து செய்யலாம், நிறுத்திவைக்கலாம். ரத்து செய்யுமுன் ஊராட்சியிடம் விளக்கம் கேட்க வேண்டும். துணைவிதி இல்லாமல் வெறும் தீர்மானத்தை வைத்து வசூல் நடக்கும் ஊர்களில், வக்கீலைத் தேடுமுன் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு ஒரு மனு போடுவது மலிவான வழி. மனுவில் தீர்மான எண், தேதி, அதை வைத்து வசூலித்த ரசீதின் நகல் மூன்றும் இருக்கட்டும்.

"அநியாயம்" என்ற வாதம்

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டக் கவுன்சில் ஒரு துணைவிதி போட்டிருந்தது. குடியிருப்பு வீட்டிலிருந்து ஐம்பது கஜத்துக்குள் தெருவில் யாரும் பாடவோ வாத்தியம் வாசிக்கவோ கூடாது, வீட்டுக்காரரோ காவலரோ நிறுத்தச் சொல்லியும் தொடர்ந்தால் குற்றம். தெருவில் பக்திப் பாடல் பாடி அபராதம் விழுந்த குரூஸ் என்பவர், இந்த விதியே நியாயமற்றது என்று மேல்முறையீடு செய்தார். 1898இல் அவர் தோற்றார். தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு அப்போது வகுத்த அளவுகோல்தான் இன்றுவரை நம் நீதிமன்றங்களிலும் பேசப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் துணைவிதியை நல்லெண்ணத்தோடு அணுக வேண்டும். நீதிபதிக்குப் பிடிக்கவில்லை, இதைவிட நல்ல விதி போட்டிருக்கலாம் என்பதற்காக அதை ரத்து செய்யக் கூடாது. ஆளுக்கொரு நீதியாக இருந்தாலோ, வெளிப்படையாக அநீதியாக இருந்தாலோ, கெட்ட எண்ணத்தில் பிறந்திருந்தாலோ, நியாய புத்தியுள்ள யாரும் ஏற்க முடியாத ஒடுக்குமுறையாக இருந்தாலோ மட்டுமே தலையிடலாம்.

நம் நாட்டில் 2006இல் தமிழ்நாடு அரசு எதிர் கிருஷ்ணமூர்த்தி என்ற வழக்கில், சார்நிலைச் சட்டங்களை எதிர்க்கும் காரணங்களை உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. இயற்றியவருக்கு அதிகாரமில்லை, அடிப்படை உரிமை மீறல், அரசியலமைப்பின் வேறு உறுப்பு மீறல், தாய்ச்சட்டத்துக்குப் பொருந்தாமை, நாட்டின் வேறு சட்டத்தோடு முரண், வெளிப்படையான தன்னிச்சை. ஆறில் கடைசியாக வருவதுதான் நாம் "அநியாயம்" என்று கத்துவது. அதற்குத்தான் நிரூபிக்கும் சுமை அதிகம். "கட்டணம் அதிகம்" என்பதை விட, "தெருவின் இந்தப் பக்கத்துக் கடைக்கு இருநூறு, அதே அளவுள்ள எதிர்க்கடைக்கு ஐம்பது" என்று ரசீதோடு காட்டுவது பல மடங்கு வலுவானது.

ஒரு வழக்கை எடுத்துச் செய்து பார்ப்போம்

ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிப் பேரூராட்சியின் தினசரிச் சந்தை. அதன் வசூல் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. சந்தையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, சொந்தப் பட்டா நிலத்தில் ஒருவர் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். அவர் வாசலில் இறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் நூறு ரூபாய் என்று குத்தகைதாரரின் ஆள் சீட்டுக் கிழிக்கிறார்.

முதல் வேலை அந்தச் சீட்டைப் படிப்பது. மேலே பேரூராட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறதா, வெறும் குத்தகைதாரர் பெயரா? வரிசை எண், தேதி, எதற்கான கட்டணம் என்ற சொல், இந்த மூன்றும் முக்கியம். "சந்தைக் கட்டணம்" என்றிருந்தால் ஒரு வாதம், "வாகன நுழைவு" என்றிருந்தால் வேறு வாதம். சீட்டே தராமல் வாங்கினால், அது துணைவிதிப் பிரச்சினை இல்லை, காவல் நிலையப் பிரச்சினை.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. நான்கே ஆவணங்கள் கேளுங்கள்: கட்டணத்துக்கு ஆதாரமான துணைவிதியின் நகல், அது வெளியான அரசிதழின் தேதியும் பக்கமும், ஒப்புதல் ஆணை, குத்தகை ஒப்பந்தமும் அதன் கட்டண அட்டவணையும். "ஏன் வாங்குகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் எரிச்சல் வேண்டாம், வழக்கின் மிகச் சிறந்த சாட்சி அந்த ஒற்றை வரிதான்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் குத்தகை எல்லை எது என்று பாருங்கள். பெரும்பாலும் சந்தையின் சர்வே எண்ணும் நாற்புற எல்லையும் எழுதியிருக்கும். மண்டி அதற்கு வெளியே என்றால், துணைவிதி செல்லுமா என்ற பெரிய கேள்விக்கே போக வேண்டியதில்லை. குத்தகைதாரர் தன் எல்லையைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான். செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் போதுமானதாக இருக்கலாம். ஒப்பந்தம் "பேரூராட்சி எல்லை முழுதும்" என்றால் ஜலாலாபாத் மறுபடி வந்துவிட்டது. பேரூராட்சியின் எந்தச் சொத்தை மண்டிக்காரர் பயன்படுத்துகிறார் என்று கேட்க வேண்டும்.

அவருடைய பலவீனத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தனியார் சந்தை நடத்த உரிமம் வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். அப்படியானால் உரிமம் கொடுப்பதும் அதற்குக் கட்டணம் வாங்குவதும் பேரூராட்சியின் வேலை. குத்தகைதாரர் லாரிக்கு லாரி வாங்குவதற்கு அது ஆதாரமாகாது. ஆனால் உரிமம் இல்லாத மண்டிக்காரர் நீதிமன்றப் படியேறினால் முதல் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். லாரிகள் பேரூராட்சிச் சாலையை மறித்து நின்று சரக்கு இறக்கினால், சொத்தைப் பயன்படுத்துகிறார் என்ற பதிலுக்கும் இடம் உண்டு. வளாகத்துக்குள் வண்டி நிற்பதைப் புகைப்படத்தில் காட்டுவது நல்லது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கட்ட வேண்டியது வேறு சட்டத்தின் கீழ் வருவது. இரண்டையும் ஒரே மனுவில் குழப்ப வேண்டாம்.

இதற்கிடையில் பணம்? கட்டாமல் மல்லுக்கு நின்றால் தொழில் நிற்கும். கட்டிவிட்டு, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பேரூராட்சிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிடலாம். பின்னால் திருப்பிக் கேட்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் அந்த நூறு ரூபாயை வெங்காய விலையில் ஏற்றி வாடிக்கையாளர் தலையில் கட்டியிருந்தால், உமக்கு நட்டமில்லை என்று நீதிமன்றம் திருப்பித் தர மறுக்கக்கூடும்.

கடைசிப் படி உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனு, சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. மனுவில் இரண்டு கோரிக்கையும் வேண்டும்: துணைவிதியின் அந்தப் பகுதி செல்லாது என்ற அறிவிப்பு, அதன் கீழ் வசூலிக்கத் தடை. சீட்டை மட்டும் எதிர்த்தால் அடுத்த மாதம் புதுச் சீட்டு வரும். குத்தகைதாரரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பாதிக்கப்படப்போகிறவரைக் கேட்காமல் உத்தரவு தர நீதிமன்றம் தயங்கும். குத்தகை ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது போனால் இடைக்காலத் தடை கிடைப்பது அரிது, ஏலம் முடிந்த உடனே போவதுதான் புத்திசாலித்தனம். சொத்து வரி போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே மேல்முறையீடு இருக்கும். தொகை தவறு என்றால் அங்கேதான் போக வேண்டும். விதியே செல்லாது என்னும்போதுதான் நேரே உயர் நீதிமன்றம்.

வழக்கில் வென்ற பிறகும் ஒரு விஷயம் மிச்சமிருக்கும். வரைவு வெளியிடாத குறைக்காகத் துணைவிதி ரத்தானால், மன்றம் அதே துணைவிதியை முறைப்படி மறுபடி கொண்டுவரலாம், சட்டத்தில் தடையில்லை. இந்த முறை வரைவு வெளியாகும், ஆட்சேபணைக்கு நாள் குறிக்கப்படும். அந்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.